30 ரூபாய்க் கன்று, 1,000 ரூபாய் மரம்

மரம் நடும் திட்டம் என்றதும் முதலில் வரும் கேள்வி "ஒரு கன்று எவ்வளவு?" என்பதுதான். கம்பெனிக்காரரும் இதைத்தான் கேட்பார், சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பும் ஊர்க்காரரும் இதைத்தான் கேட்பார். எங்கள் புதுக்கோட்டை மாவட்டப் பக்கம் எட்டு பத்து மாதம் வளர்ந்த புங்கமோ வேம்போ நாவலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும். உடனே எதிரில் இருப்பவர் மனதுக்குள் 1,000-ஆல் பெருக்கிக்கொண்டு, "அப்போ முப்பதாயிரம், போக்குவரத்தோடு நாற்பது வைத்துக்கொள்ளலாமா?" என்பார்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்து மரங்களைச் சாய்த்த பிறகு, இந்தக் கணக்கை நம்பித்தான் நிறையப் பேர் நட்டார்கள். கன்றுக்குப் பணம் வந்தது, தண்ணீருக்கு வரவில்லை. இப்போது நாங்கள் போடும் திட்ட மதிப்பீட்டில் கன்று வாங்கும் செலவு மொத்தத்தில் 4 சதவீதம்தான். மீதி 96 சதவீதம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்காக ஒரு திட்டத்தை முழுதாகப் பிரித்துக் காட்டுகிறேன். நாலு ஏக்கர் புறம்போக்கு, 4 மீட்டர் இடைவெளி, 1,000 கன்று, மூன்று வருடப் பராமரிப்பு. விலையெல்லாம் எங்கள் பக்கத்து விலை. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். ஆனால் எந்தச் செலவு எதைவிடப் பெரியது என்பது வறண்ட ஊர்களில் பெரிதாக மாறாது.

கன்றிலிருந்தே தொடங்குகிறேன். நடுவதற்கு 1,000, கையிருப்புக்கு 200, ஆக 36,000 ரூபாய். வனத்துறை நாற்றங்காலில் இலவசமாகவே கிடைத்தாலும் மொத்தத்தில் மிச்சமாவது இவ்வளவுதான். கொண்டுவர குட்டியானை வண்டி. ஆறு அங்குலப் பையில் இருக்கும் கன்று ஈர மண்ணோடு இரண்டு, இரண்டரைக் கிலோ வரும். ஒரே அடுக்காக நிறுத்தி வைத்தால் வண்டிக்கு 300 கன்று பிடிக்கும், எடையும் அதற்கு மேல் தாங்காது. "இரண்டு அடுக்கு வைத்தால் இரண்டே நடையில் முடிச்சுரலாம்" என்று டிரைவர் சொல்வார். கேட்கக் கூடாது. கீழே உள்ள பைகள் நசுங்கி வேரைச் சுற்றியிருக்கும் மண்கட்டி உடைந்துவிடும். நடும்போது எதுவும் தெரியாது, மூன்று வாரம் கழித்து இலை சுருளும்போதுதான் தெரியும். நாலு நடை, ஏற்றி இறக்க ஆள், காற்றடிக்காமல் மேலே போர்த்தப் பச்சை வலை எல்லாம் சேர்த்து 14,000.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. செம்மண்ணுக்கு அடியில் செம்பாறை தட்டுகிற இடம் என்பதால் ஜேசிபி வைத்து எடுத்து, கையால் சரிசெய்ய வேண்டும். குழிக்கு 40 ரூபாய் வீதம் 40,000. தொழுவுரம், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு, ஊன்றுகோல் இவற்றுக்கு 21,000. நடுகிற கூலி 20,000. ஆக, கன்று மண்ணில் நிற்கும்வரை 1,31,000 ரூபாய்.

இனி வேலி. திட்டம் எந்த வடிவ நிலத்தில் போடப்படுகிறது என்பதைப் பொறுத்து இந்தச் செலவு தலைகீழாக மாறும். நாலு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு 500 மீட்டர் சொச்சம். மூன்று மீட்டருக்கு ஒரு கல்கால், ஐந்து வரிசை முள்கம்பி போட்டால் 1,20,000 ஆகும், அதாவது கன்றுக்கு 120 ரூபாய். அதே 1,000 கன்றைச் சாலையோரமாக நட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூண்டு வேண்டும். நோஞ்சான் கூண்டே 500 ரூபாய், ஆக ஐந்து லட்சம். சாலையோரம் நட்டால் எல்லோர் கண்ணிலும் படும், பெயர்ப்பலகையும் வைக்கலாம். அந்தப் பெருமைக்குக் கொடுக்கும் விலை 3,80,000 ரூபாய். சதுர நிலத்தில் இருக்கும் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க இன்னொரு 15,000 வைத்தாலும் கணக்கு மாறாது. கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிலும் அடைத்துக்கொள்ளலாம் என்பார்கள். முதல் வருடம் தாங்கும். கோடையில் அந்த முள் விறகுக்குப் போய்விடும், அப்புறம் ஆடு வரும்.

தண்ணீர்தான் பெரிய செலவு. முதல் வருடம் ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 15 லிட்டர். 1,000 கன்றுக்கு 15,000 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கரில் மூன்று நடை. தண்ணீர் நிரப்பி வர ஒரு நடைக்கு 600 என்றுதான் முதலில் பேச்சு வரும். டிராக்டர்க்காரர் ஒருவர் எனக்கு விளக்கினார்: "தண்ணிக்கு என்னண்ணே காசு, வண்டி நிக்கிற நேரத்துக்குத்தான் காசு." கல்யாண வீட்டுத் தொட்டியில் பத்து நிமிடத்தில் திறந்துவிட்டுப் போய்விடலாம். கன்றுக்கு அப்படி முடியாது. ஹோஸைப் பிடித்து ஒரு பாத்தியை நிரப்பி அடுத்த கன்றுக்கு நகர முக்கால் நிமிடமாவது ஆகும். 1,000 கன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், அதாவது இரண்டு நாள் வேலை. அதனால் நடைக்கு 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நடைக்கு 2,700, இரண்டு ஆளுக்கு இரண்டு நாள் கூலி 2,000. ஒரு சுற்றுத் தண்ணீர் 4,700 ரூபாய்.

எத்தனை சுற்று? ஐப்பசி மழையோடு, அக்டோபர் நடுவில் நடுகிறோம். மழை இடைவெளி விட்டால் ஊற்ற டிசம்பர் வரை மூன்று. ஜனவரி, பிப்ரவரியில் பத்து நாளுக்கு ஒன்று வீதம் ஆறு. மார்ச் முதல் ஜூன் வரை வாரம் ஒன்று, பதினேழு. அடுத்த மழை வரும்வரை இன்னும் ஆறு. ஆக 32 சுற்று, ஒன்றரை லட்சம்.

இரண்டாம் வருடம் சுற்றைக் குறைத்து, அளவை 30 லிட்டராகக் கூட்டுகிறோம். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இடைவெளி விட்டு நிறைய ஊற்றினால்தான் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். சுற்றுக்கு 8,400 வீதம் 13 சுற்று, 1,09,000. மூன்றாம் வருடம் கோடையில் மட்டும் மாதம் ஒன்று, 34,000 ரூபாய்க்குள் முடியும். மூன்று வருடத் தண்ணீருக்கு மொத்தம் 2,93,000. கன்று வாங்கிய காசைப் போல எட்டு மடங்கு. பக்கத்துத் தோட்டக்காரர் கிணற்றிலிருந்து தண்ணீர் தர ஒப்புக்கொண்டால் சொட்டுநீர்க் குழாய் போட்டு இதில் பாதிக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் அணிலும் எலியும் குழாயைக் கடிக்கும், யாராவது தினமும் நடந்து பார்க்க வேண்டும். வாய்மொழி ஒப்புதலும் கோடை வரைக்கும்தான். அவர் கடலை காயும்போது நம் கன்றுக்குத் தண்ணீர் விடச் சொல்லி எப்படிக் கேட்பது?

ஜூன் 5 விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழல் தினத்துக்கு நட வேண்டும் என்று பல நிறுவனங்கள் பிடிவாதமாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை கிடைக்கிற நீலகிரியிலும் கன்னியாகுமரியிலும் அது நல்ல நாள்தான். எங்கள் பக்கம் அக்னி நட்சத்திரம் போய் ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், மழைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கும். ஜூன் 5-க்கும் அக்டோபர் நடுப்பகுதிக்கும் இடையில் 19 வாரம், சுற்றுக்கு 4,700 என்றால் 89,300 ரூபாய். போட்டோ எடுக்கும் தேதியை நாலு மாதம் முன்னே தள்ள அவ்வளவு செலவு. இதை வாயால் சொன்னால் வருத்தப்படுகிறார்கள். மதிப்பீட்டில் தனி வரியாகப் போட்டுக் காட்டினால் தேதி மாறிவிடுகிறது.

மாதம் 4,000 ரூபாய்க்கு உள்ளூரிலேயே ஓர் ஆள், 36 மாதத்துக்கு 1,44,000. வேலியில் கம்பி தளர்ந்ததா, ஆடு புகுந்ததா, எந்தப் பக்கம் கன்று வாடுகிறது என்று தினம் ஒருமுறை நடந்து பார்ப்பதுதான் வேலை. வருடத்துக்கு இரண்டு தடவை களை எடுத்துப் பாத்தி கட்ட மூன்று வருடத்தில் 51,000. இந்தக் களையெடுப்பில் ஒன்றைத் தை, மாசியில் வைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த புல்லில் ஒரு பீடி நெருப்பு விழுந்தால் ஒரே மதியத்தில் திட்டம் முடிந்துவிடும்.

இப்போது பிழைத்ததை எண்ணும் வேலை. செலவு மொத்தமே 17,000தான், ஆனால் ஏமாற அதிக வாய்ப்புள்ள இடம் இது. 2019 நவம்பர் 11 அன்று துருக்கியில் ஒரே நாளில் ஒரு கோடியே பத்து லட்சம் கன்று நட்டார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, தாங்கள் போய்ப் பார்த்த இடங்களில் 90 சதவீதம் வரை செத்துவிட்டதாக அங்குள்ள வேளாண், வனத் தொழிலாளர் சங்கம் சொன்னது. தவறான பருவத்தில் நட்டார்கள், தண்ணீர் போதவில்லை என்பது அவர்கள் வாதம். அமைச்சகம் அதை மறுத்து, 95 சதவீதம் நன்றாக இருப்பதாகச் சொன்னது. யார் சரி என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் எங்கே, எப்போது, எதை எண்ணுவது என்று நடுவதற்கு முன்பே எழுதி வைக்காவிட்டால் இப்படி இரண்டு எண்கள் வரும், இரண்டையும் யாரும் சரிபார்க்க முடியாது.

எங்கள் முறை எளிமையானது. குழிக்கு ஓர் எண், அந்த எண் அடித்த அலுமினியத் தகடு ஊன்றுகோலில். 412-ஆம் குழியில் நட்டது செத்து வேறு கன்று வைத்தால் அது 412-2. இந்தச் சின்ன "-2" இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1,000-இல் 250 செத்தது, 250-ம் மாற்றியாயிற்று, ஒரு மாதம் கழித்து யாரோ வந்து எண்ணுகிறார். பச்சையாக 970 நிற்கிறது. அறிக்கையில் "97 சதவீதம் பிழைத்தது" என்று போகும். நட்டதில் பிழைத்தது உண்மையில் 75 சதவீதம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, மாற்றிய கன்றையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள், அவ்வளவுதான். மாற்றுக்கன்று நட்ட மறு மாதம் எடுக்கிற எந்தக் கணக்கையும் நான் நம்புவதில்லை.

எண்ணும் மாதமும் முக்கியம். நவம்பரில் போனால் எல்லாம் பச்சை. பங்குனியில் போனால் புங்கம் இலை உதிர்த்து நிற்கும், புதிதாக வந்தவர் அதைச் செத்த கணக்கில் எழுதிவிடுவார். நாங்கள் நட்ட மறு மாதம் ஒருமுறை, தையில் ஒருமுறை, கோடை தாண்டி ஜூன் கடைசியில் ஒருமுறை எண்ணுகிறோம். ஜூன் எண்ணிக்கைதான் அடுத்த ஐப்பசிக்கு எத்தனை மாற்றுக்கன்று வேண்டும் என்று சொல்லும். சந்தேகமான கன்றைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. நுனி காய்ந்திருந்தால் கீழே இறங்கி இறங்கிச் சுரண்ட வேண்டும். புங்கத்தில் மேலே முழுக்கக் காய்ந்து அடித்தூரில் மட்டும் பச்சை இருக்கும், முதல் மழைக்குப் பிறகு அங்கிருந்து துளிர்விடும். அதனால் நோட்டில் "உயிர்", "செத்தது" தவிர "சந்தேகம்" என்றும் ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியில் இருப்பதை இரண்டு மழை பார்க்காமல் பிடுங்குவதில்லை.

செத்ததை மட்டும் எண்ணினால் போதாது, பிடுங்கிப் பார்க்க வேண்டும். போன வருடம் ஒரே வரிசையில் அடுத்தடுத்து வாடிய நாவல் கன்றுகளில் ஒன்றை எடுத்தோம். முழங்கால் உயரம், இலை பழுப்பேறித் தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்ததும் பூண்டு பிடுங்கியதுபோல் வந்துவிட்டது. நட்டு எட்டு மாதம் ஆகியும் வேர் முழுக்கப் பையின் வடிவத்திலேயே உருளையாக இருந்தது, அடியில் ஆணிவேர் மூன்று சுற்றுச் சுற்றிக் கயிறாகத் திரண்டிருந்தது. மண்ணுக்குள் ஒரு வேரும் போகவில்லை. நாற்றங்காலில் சின்னப் பையிலேயே அதிக நாள் வைத்திருந்த கன்று அது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பிழைத்திருக்காது. கையிருப்பில் மிஞ்சிய கன்றுகளை அடுத்த வருடத்துக்கு வைக்காமல் ஊரில் வீடுகளுக்குக் கொடுத்துவிடுவது இதனால்தான்.

ஒவ்வொரு சாவுக்கும் அடையாளம் உண்டு. தூரைச் சுற்றி மண் பூச்சு ஏறியிருந்தால் கரையான், நுனி கத்தரித்தாற்போல் இருந்தால் ஆடு. மேல்மண் ஈரமாக இருந்தும் அரையடிக்குக் கீழே தூளாக இருந்தால் ஹோஸ் பிடித்தவர் அவசரப்பட்டிருக்கிறார். சில குழிகளில் பையையே கிழிக்காமல் நட்டிருப்பார்கள், பெரிய கூட்டம் சேர்த்து ஒரே நாளில் நட்டால் இது நிச்சயம். காரணம் தெரிந்தால்தான் அடுத்த பணத்தை வேலியில் போடுவதா, தண்ணீரிலா, வேறு நாற்றங்காலிலா என்று தெரியும். தெரியாமல் மாற்றுக்கன்று வைத்தால் அதுவும் அதே இடத்தில் அதே காரணத்தால் சாகும்.

மாற்றுக்கன்றின் விலையைப் பலரும் "இன்னொரு 30 ரூபாய்தானே" என்று போடுகிறார்கள். முதல் மாதத்தில் செத்த ஐம்பதைக் கையிருப்பிலிருந்து வைத்துவிடலாம், அது வரைக்கும் சரி. கோடையில் செத்த 200-ஐ அடுத்த ஐப்பசியில் வைக்கும்போது, அக்கம்பக்கத்துக் கன்றுகளோடு போட்டி போடுவதற்குப் பெரிய பையில் வளர்ந்த கன்று வேண்டும், 80 ரூபாய். பை எட்டு கிலோ வரும், வண்டிச் செலவும் அதற்கேற்ப. குழி, உரம், கூலி எல்லாம் சேர்த்து 37,500. பெரிய செலவு இதற்கு மேல்தான் வருகிறது. மற்ற 800 கன்று இரண்டாம் வருட அட்டவணைக்குப் போய்விட்டது, இந்த 200-க்கு மறுபடியும் முதலிலிருந்து வாரம் ஒரு தண்ணீர். நாலு ஏக்கரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற கன்றுக்கு டேங்கர் சுற்றி வர வேண்டும். கூடுதலாக 19 சுற்றுக்கு 36,000. மூன்றாம் வருடமும் இவை மட்டும் பின்தங்கி வரும், அதற்கு இன்னொரு 25,000. மொத்தம் கிட்டத்தட்ட 99,000, ஒரு மாற்றுக்கன்றுக்கு ஏறக்குறைய 500 ரூபாய்.

இந்த 500 கையில் இருந்தால் பல முடிவுகள் எளிதாகிவிடும். சித்திரை, வைகாசியில் கூடுதலாக நாலு சுற்று ஊற்றலாமா என்று யோசிக்கிறோம், 18,800 ரூபாய். அதனால் 38 கன்று பிழைத்தால் செலவு சரியாகிவிடும். 1,000-இல் 38 என்பது அந்த வெயிலில் சாதாரணம், ஊற்றிவிடலாம். மூன்றாம் ஐப்பசியில் மாற்றுக்கன்று வைக்கலாமா? வேண்டாம். பராமரிப்பு முடிய ஒரு வருடமே இருக்கும்போது வைப்பது ஆளில்லாத வீட்டுக்குக் குழந்தையை அனுப்புகிற மாதிரி. காலியான குழி காலியாகவே இருக்கட்டும், பக்கத்து மரம் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் கூட்டினால் 8,70,000. எதிர்பாராத செலவுக்கு 30,000 வைத்தால் ஒன்பது லட்சம். மூன்றாம் வருட முடிவில் 890 மரம் நின்றால் நல்ல திட்டம் என்பேன். ஆக, உயிரோடு நிற்கிற மரம் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம்.

இதில் நடவு முடிவதற்குள் செலவாவது 2,66,000. மீதி 70 சதவீதம் அதற்குப் பிறகுதான். கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டிய சிஎஸ்ஆர் பணத்தில் இது பெரிய சிக்கல், மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்குக் காட்டு என்பார்கள். பிப்ரவரியில் ஒன்பது லட்சத்தையும் கன்றாக வாங்கி நட்ட கதைகள் இப்படித்தான் நடக்கின்றன. 2021-இல் சிஎஸ்ஆர் விதிகளில் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்கு வழி உண்டு. திட்டத்தை ஆரம்பத்திலேயே தொடர் திட்டம் என்று கம்பெனியின் போர்டு தீர்மானம் போட்டுவிட்டால், செலவாகாத பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். பணம் தருபவரிடம் முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டுவிட வேண்டும். அவர்களுடைய ஆடிட்டருக்குத் தெரிந்திருக்கும், நம்மிடம் பேச வருகிற இளைஞருக்குத் தெரிந்திருக்காது.

பாதிப் பணம்தான் வந்தது என்றால்? 1,000 குழியும் எடுத்துவிட்டுத் தண்ணீரைப் பாதியாக்குவதுதான் வழக்கம், ஏனென்றால் அழைப்பிதழில் 1,000 என்று அச்சாகிவிட்டது. நாங்கள் எண்ணிக்கையைக் குறைக்கிறோம். ஆனால் சரிபாதியாக 500 என்று போட முடியாது. நிலம் பாதியானாலும் வேலி பாதியாகாது, 500 மீட்டர் 360 மீட்டராகத்தான் குறையும். பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் பாதிச் சம்பளம் கட்டாது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நாலரை லட்சத்துக்கு 450 கன்றுதான் வருகிறது.